முகூர்த்தத்துக்கு ஆகாத மூன்று சிலிண்டர்

என் காரின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து அதற்கு ஜாதகம் எழுதியவன் வெள்ளைத்துரை. போடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டாக்சி ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது அவன் வண்டி. புது வண்டியை எடுத்து வந்த அன்று பூமாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஸ்டாண்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். என் லட்டைத் தின்றுகொண்டே இஞ்சின் மேல் சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையாக இருந்த காயில்களை விரல்விட்டு எண்ணினான் பாவி.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது எங்க மகாராணி?" மகாராணி என்பது என் பேர்தான்.

"மூணு சிலிண்டர்ண்ணே. இப்ப வர்ற சின்ன வண்டியில பாதி இப்படித்தான் வருது."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "மூணா? நல்ல காரியத்துக்கு எவனாச்சும் மூணு பேரா கெளம்புவானா?"

நம் ஊரில் பெண் பார்க்கவோ, பேசி முடிக்கவோ மூன்று பேராகப் போகமாட்டார்கள். ஒன்று ஒரு ஆளைச் சேர்ப்பார்கள், இல்லை ஒரு ஆளை வீட்டில் உட்கார வைப்பார்கள். அது மனுசருக்கு. இரும்புக்கும் அதுதான் என்று சட்டம் போட்டவன் வெள்ளைத்துரை ஒருவன்தான். அன்றைக்கே அவன் வாயை அடைத்திருக்க வேண்டும். லட்டுதான் கையில் இருந்ததே, இன்னொன்றைத் திணித்திருக்கலாம்.

ஒரே வாரத்தில் பேச்சு ராசிங்காபுரம், தேவாரம் வரைக்கும் போய்விட்டது. பரிசம் போட, பூ வைக்க, தொட்டில் கட்ட என்று பேசி வைத்திருந்த சவாரி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் கருமாதிக்கு, "உன் வண்டிதாம்மா வேணும்" என்று ஆசையாகக் கேட்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆவணி முகூர்த்தச் சவாரிதான் எனக்கு வருசச் சோறு. அது இல்லையென்றால் வண்டியை விற்றுவிட்டு, பழையபடி விடியுமுன் ஜீப்பில் நசுங்கிக்கொண்டு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகவேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போய்த்தான் நான் ஓட்டுநர் உரிமமே எடுத்தேன். திரும்பவும் அந்த ஜீப்பில் ஏறமாட்டேன் என்று ராத்திரி படுக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

சிலர் பரிகாரத்தோடு வந்தார்கள். மூன்று பேர் போயே ஆகவேண்டும் என்றால் நாலாவதாக ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு போவது வழக்கமாம். ஆகவே கொட்டகுடி ஆற்றில் எடுத்த உருண்டைக் கல் ஒன்றை என் வண்டியில் வைக்கவேண்டுமாம். அதுவும் சீட்டில் அல்ல, மற்ற மூன்றோடு பானெட்டுக்குள்! "ஓடுற பெல்ட்டுல கல்லு விழுந்தா நீயும் கல்லாயிருவ" என்று கத்தினேன். கடைசியில் டிக்கியில் வைத்தோம். வளைவுக்கு வளைவு அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு டொக்கு டொக்கென்று அடித்தது. இறங்கும்போது கல்லைக் கொண்டுவந்த ஆள் சொன்னான், "மூணு சிலிண்டர்னா சத்தம் வரும்னு சொன்னது சரியாத்தான் இருக்கு." கல்லைத் தூக்கி அவன் காலடியில் போட்டேன். ஒரு இஞ்ச் தள்ளி விழுந்தது, அவன் அதிர்ஷ்டம்.

இப்படி இருக்கும்போதுதான் ராசிங்காபுரத்து சுப்புத்தாய் அக்கா ஸ்டாண்டுக்கு வந்தார். மகன் நிலவனுக்குப் பூப்பாறையில் பெண் பார்த்திருந்தார்கள். ஏலத்தோட்டக்காரர் வீட்டுப் பெண். தாம்பூலம் மாற்றப் போகவேண்டும். சுப்புத்தாய் அக்கா ஒரு வண்டியைப் பிடித்தால் அவர்கள் வகையறா முழுவதும் அந்த வண்டியைத்தான் பிடிக்கும். அதனால் நான் முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். வெள்ளைத்துரையும் வந்து நின்றான்.

அக்கா லேசுப்பட்டவர் இல்லை. "ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணி, ஏசியப் போடுங்க" என்றார். எதிர்க் கடையில் டீ வாங்கி, ததும்பத் ததும்ப அந்தக் கிளாசை முதலில் அவன் டாஷ்போர்டில் வைத்தார். டீ அசையாமல் கிடந்தது. பிறகு என் வண்டியில் வைத்தார். மேலே வட்டம் வட்டமாகச் சுருக்கம் விழுந்தது. ஏசி கம்ப்ரசர் பிடித்த நொடியில் ஒரு சொட்டு வழிந்து புது விரிப்பில் விழுந்தது.

"நடுங்குதே!" என்றார் அக்கா.

"நிக்கும்போது கொஞ்சம் நடுங்கும்க்கா, ஓட ஆரம்பிச்சா தெரியாது" என்றேன். அவர் மெக்கானிக் சின்னமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். அவன் அப்போது ஸ்டாண்டில் யாருடைய வண்டிக்கோ ஆயில் மாற்றிக்கொண்டிருந்தான். எந்தப் பக்கமும் சாயாத ஆள். ரெண்டு பேர் வண்டியும் அவனிடம்தானே வருகிறது.

"நாலு சிலிண்டர்ல ரெண்டு பிஸ்டன் மேல போனா ரெண்டு கீழ வரும். ஒண்ணுக்கொண்ணு ஈடு கட்டிரும். சாமி சப்பரத்த நாலு பேரு தூக்குற மாதிரி, ஆட்டம் தெரியாது. மூணுல ஒரு மூலைக்கு ஆள் இல்ல. இந்தக் கடைசியும் அந்தக் கடைசியும் மாறி மாறித் தூக்கும். அதான் சின்னதா ஒரு ஆட்டம்."

"அப்ப நாலுதான் நல்லது?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. இஞ்சின் அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆயிரத்து இருநூறு சிசி. அத நாலாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் சின்னது, மூணாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் பெருசு. உள்ள உரசுற சாமானும் கம்மி. இந்த ரெண்டு வண்டியில மகாராணி வண்டிதான் அடியில, மெதுவா போறப்பவே நல்லா இழுக்கும். வெள்ளைத்துரை வண்டிய கொஞ்சம் விரட்டணும், விரட்டிட்டா அது பாட்டுக்கு வழுக்கிக்கிட்டுப் போகும்."

"செலவு?"

"பிளக்கு, காயிலு, இன்ஜெக்டரு எல்லாம் மூணுக்கு மூணு, நாலுக்கு நாலு. இஞ்சினப் பிரிச்சாலும் அப்படித்தான். ஆனா ஆட்டத்தத் தாங்குற இஞ்சின் மவுண்ட் ரப்பரு மூணுக்குத்தான் சீக்கிரம் போகும். அதுவும் வெல கூடுன ரப்பரு. எதுவானாலும் ஆயில வேளைக்கு மாத்தலேன்னா ரெண்டும் எங்கிட்டதான் வந்து படுக்கும்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் சரி தம்பி, மூணு மூணுதான?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நாலு நாலுங்கிறீகளே, கடைசியில நம்மளத் தூக்கிட்டுப் போறதும் நாலு பேருதான். அது நல்ல காரியமா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தாம்பூலம் பேச வந்தவரிடம் பாடையைப் பற்றிப் பேசிவிட்டேன். அக்கா முகம் சிவந்து வெள்ளைத்துரை பக்கம் திரும்பிவிட்டார். அவன் பல்லைக் காட்டினான். அவர் வீட்டுக்காரர் மாரீஸ்வரன் அண்ணாச்சிதான் இரக்கப்பட்டு, "சாமான் ஏத்த ஒரு வண்டி வேணும்ல" என்றார். அக்கா யோசித்தார். "சரி. வாழைத்தாரு, பலகாரம், அப்புறம் எங்க மதினி. அதுக்கு இவ வரட்டும்."

மதினி என்றால் அண்ணாச்சியின் அக்கா பேச்சியம்மா. புருசன் செத்துப் பல வருசம் ஆகிறது. தாம்பூலத் தட்டோடு ஒரே வண்டியில் ஏற்றமாட்டார்கள், எதிரிலும் வரவிடமாட்டார்கள். நிலவனை வளர்த்ததே அவர்தான் என்று ஊரே சொல்லும். அவருக்கும் என் வண்டிக்கும் ஒரே ராசி என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கிளம்புகிற அன்று நல்ல நேரம் பார்த்து வெள்ளைத்துரை வண்டி முன்னால் போனது. மாப்பிள்ளை, அப்பா, அம்மா, டிரைவர். ஆளும் நாலு, சிலிண்டரும் நாலு என்று அக்காவுக்கு அவ்வளவு திருப்தி. நான் பத்துப் பதினைந்து வண்டி இடைவெளி விட்டுத்தான் வரவேண்டும் என்று உத்தரவு. பேச்சியம்மா ஆத்தா பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி வாங்க ஆத்தா, வளைவுல பின்னாடி உக்காந்தா கொமட்டும்."

"எனக்கு எதுக்குத்தா முன்சீட்டு" என்றார். நான் வண்டியை ஓரம் கட்டி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் தூறல் பிடித்தது. வாழைத்தாரும் பலகாரப் பெட்டிகளும் ஏற்றியிருந்தும் என் வண்டி வளைவுக்குள் மெதுவாக வந்து, ரெண்டாவது கியரிலேயே முக்காமல் எழுந்தது. அடியில் இழுவை இருந்தால் மலையில் கையும் காலும் பாதி வேலைதான் செய்யவேண்டும். ஸ்டியரிங்கில் மட்டும் லேசாக ஒரு குறுகுறுப்பு. ஆத்தா கதவில் கையை வைத்துப் பார்த்து, "இதத்தான் சுப்பு நடுங்குதுன்னு சொன்னாளா? மாவு மிசினுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவின் மேல் பக்கத்தில் வெள்ளைத்துரை வண்டி நின்றது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே குதித்தது. உள்ளே சுப்புத்தாய் அக்காவின் தலை, காதுத் தோடு, மடியிலிருந்த தாம்பூலத் தட்டு எல்லாம் சேர்ந்து ஆடின. பின்னால் எரியாத பெட்ரோல் வாடை.

"இழுக்க மாட்டேங்குது மகாராணி. டாஷ்போர்டுல இஞ்சின் லைட்டு விட்டு விட்டு எரியுது" என்றான் வெள்ளைத்துரை. அவன் முகத்தைப் பார்க்கக் கண் இரண்டு போதவில்லை எனக்கு. சும்மா சொல்லக்கூடாது, உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோசம்!

ஆனாலும் போய்ப் பானெட்டைத் திறந்தேன். இஞ்சின் ஓடும்போதே காயில் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். முதலாவதைக் கழற்றியதும் இஞ்சின் அணைந்துபோகப் பார்த்தது, மாட்டிவிட்டேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. கழற்றினாலும் அதே குதிப்பு, மாட்டினாலும் அதே குதிப்பு. நாலாவது ஒழுங்காக இருந்தது.

"மூணாவதுல நெருப்பே வரல. காயில் போயிருச்சு போல. உங்க நாலுல ஒண்ணு ஓடல."

"அப்ப இப்ப இதுவும் மூணு சிலிண்டர்தான?" என்றான் நிலவன். படித்த பையன், தெரியாமல்தான் கேட்டான்.

"என் வண்டி மூணுக்குன்னே செஞ்சது தம்பி. இது நாலு பேரு தூக்குற சப்பரத்துல ஒருத்தன் கைய எடுத்துட்டான். அந்த மூலை தொங்குது, அதான் இந்தக் குதி. இப்படியே ஏத்துனா எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ள போய் அதையும் கெடுக்கும்."

மாரீஸ்வரன் அண்ணாச்சி, "உன் வண்டியில இருந்து ஒரு காயில் கழட்டி மாட்டுத்தா" என்றார்.

"சேராதுண்ணாச்சி. சேந்தாலும் என் வண்டி ரெண்டாயிரும்."

வெள்ளைத்துரை விடுவதாக இல்லை. "முக்கி முனகி மேட்டுக்குப் போயிருவேன்க்கா. மேல ஏறிட்டா அப்புறம் கவலையில்ல. ஒண்ணு செத்தா என்ன, மூணு இருக்கே" என்றான். அப்போதுதான் என் வண்டியின் முன்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"செத்துப்போச்சா?" என்றார் பேச்சியம்மா ஆத்தா. கண்ணாடியை இறக்கி, ரொம்ப நிதானமாகக் கேட்டார். "நாலு பேரா கெளம்பி வழியில ஒண்ணு செத்துப்போச்சா? அப்ப எழவு விழுந்த வண்டியில்ல அது? தாம்பூலத்த வச்சுக்கிட்டு அதுல எப்படி சுப்பு உக்காந்திருக்க?"

சுப்புத்தாய் அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "அய்யய்யோ, தீட்டு! நிலவா இறங்குடா, வெரசா இறங்கு!"

"அக்கா, அது காயில்க்கா! இரும்பு!" என்று கத்தினான் வெள்ளைத்துரை. மூன்று என்று இரும்புக்கு ராசி பார்த்தவன், அதே இரும்புக்கு உயிர் இல்லை என்று இப்போது வாதாடினான். யார் கேட்கிறார்கள்?

அக்கா என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "மகாராணி, உன் வண்டியில மூணும் உசுரோட இருக்கா?"

என் ஆத்திரத்துக்கு அப்போது ஆயிரம் பதில் இருந்தது. "இருக்குக்கா" என்றேன். "மூணும் நல்லா இருக்கு."

"உசுரோட இருக்குற மூணு, செத்தது கலந்த நாலுக்கு மேல்தான். என்னங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். அவர் மழையில் நனைந்துகொண்டு தலையாட்டினார். அக்கா என் தோளைத் தொட்டார். "இந்த ஆவணி மட்டும் இல்ல, இனிமே எங்க வகையறா நல்லது கெட்டது எல்லாத்துக்கும் உன் வண்டிதான். மதினிய மட்டும் இங்க இறக்கி விட்டுரு. வெள்ளைத்துரைக்குத் துணையா இருக்கட்டும். தாம்பூலத்தோட அவுகள ஏத்தக்கூடாதுல்ல."

சரி என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன். வருசத்துச் சோறு, ஏறவே கூடாத அந்த ஜீப்பு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குள் பேச்சியம்மா ஆத்தா பையை எடுத்து, கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். கோபம் கூட இல்லை அவருக்கு. பஸ்ஸில் ஸ்டாப்பு வந்தால் இறங்குகிற மாதிரி இறங்கினார்.

அதைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது வெறி. "ஆத்தா, கால உள்ள வைங்க!" என்று ஒரு அதட்டு அதட்டினேன். என் பக்கக் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை அணைத்து, சாவியை உருவி இடுப்பில் செருகினேன். "ஏத்துனவுகள நடுமலையில இறக்குற பழக்கம் எனக்கு இல்லக்கா. அவுக வந்தா வண்டி வரும். இல்லேன்னா எழவு வண்டியிலயே போங்க. எனக்கு உங்க ஆவணியும் வேணாம், உங்க வகையறாவும் வேணாம்."

"நல்ல நேரம் முடியப்போகுது சுப்பு" என்றார் அண்ணாச்சி. நிலவன் அதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "அத்தை வந்தாத்தான் நானும் வருவேன்" என்றான். முன்னமே சொல்லியிருந்தால் என்னவாம்? சரி, இப்பவாவது சொன்னானே.

அக்கா என்னையும் மகனையும் முறைத்துவிட்டு ஏறினார். டிக்கியில் வாழைத்தார். பின்சீட்டில் மூன்று பேர், மூவர் மடியிலும் பலகாரப் பெட்டி. தாம்பூலத் தட்டுக்கு இடமே இல்லை. அக்கா அதை இடுக்கில் வைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், பாக்கு கொட்டியது. கடைசியில் முன்சீட்டுக்கு நீட்டினார். ஆத்தா வாங்கத் தயங்கினார்.

"பிடிங்க மதினி, கொட்டிறப் போகுது" என்றார் அக்கா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

ஐந்து ஆளும் அத்தனை சாமானும். சில வளைவுகளில் முதல் கியர் போடத்தான் வேண்டியிருந்தது, இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் வண்டி எங்கேயும் திணறவில்லை. மேடு ஏறி, பூப்பாறைப் பாதையில் இறங்கினோம். ஆத்தா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி மூச்சுக்கூடப் பலமாக விடாமல் வந்தார்.

பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பெண்ணின் அம்மா ஓடி வந்து முன்கதவைத் திறந்தார். தட்டோடு இருப்பவர்தான் பெரியவர் என்று நினைத்து, "வாங்க, வாங்க" என்று ஆத்தாவிடமிருந்தே தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்சீட்டில் சுப்புத்தாய் அக்கா வாயைத் திறந்தார். விசயத்தைச் சொன்னால் சகுனம் கெட்டதை அவரே பெண் வீட்டில் அறிவித்த மாதிரி ஆகும். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

எல்லாம் நன்றாக முடிந்தது. தையில் கல்யாணம் என்று பேசி, பாயசம் குடித்துவிட்டு வந்தார்கள். பெண் வீட்டார் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லையாம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும்போது அவரே போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க மதினி. நீங்க இந்த வண்டியில முன்னாடி இருந்ததாலதான் காரியம் கூடி வந்திருக்கு. கல்யாணத்தன்னைக்கும் நீங்க இங்கதான் உக்காரணும். மூணு சிலிண்டரோட நீங்க நாலு. எனக்கு இது முன்னாடியே தோணாமப் போச்சு பாருங்க."

பேச்சியம்மா ஆத்தா ஏறி உட்கார்ந்தார். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இம்புட்டுதானா சுப்பு?" என்றார். "தெரிஞ்சிருந்தா அவரு செத்த மறுநாளே நான் ஒரு மூணு சிலிண்டர் வண்டி வாங்கியிருப்பேனே."

நான் சாவியைத் திருப்பினேன்.